பாடநூலில் இல்லாத பாடம்

ஆசிரியருக்கு வணக்கம்.

பாடநூலில் இல்லாமலே பள்ளி கற்றுத்தருவதை 1968-இல் அமெரிக்கக் கல்வியாளர் பிலிப் ஜாக்சன் 'மறைமுகப் பாடத்திட்டம்' என்றார். நம் பள்ளிகளில் விழா என்றால் பெஞ்சு தூக்கப் பையன்கள், கோலம் போடவும் சந்தனத் தட்டு ஏந்தவும் பெண் பிள்ளைகள். யாரும் விளக்குவதில்லை, பிள்ளைகள் கற்றுக்கொள்கிறார்கள்.

காலையில் தண்ணீர் பிடித்து, தம்பியைக் கிளப்பிவிட்டு ஓடிவரும் சிறுமி, மணி அடித்துவிட்டால் வாசலில் நிற்கவேண்டியதுதான். காரணம் சொன்னால் எதிர்த்துப் பேசுகிறாள் என்பார்கள். வீட்டில் சுமத்திய வேலைக்குப் பள்ளியில் தண்டனை, அதுவும் வாய்திறக்காமல்! இது கொடுமை.

நேரம் தவறாமை தேவைதான். முதலில் காரணத்தைக் கேட்டு எழுதிவைக்கட்டும். அடிக்கடி தாமதமானால் பெற்றோரிடம் பேசட்டும். அப்புறம், விழா வேலைகளை வருகைப் பதிவேட்டு வரிசைப்படி எல்லாருக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கட்டும்.

– ஒரு வாசகர், திருச்சி