மார்கழி குறுகுவதும் ஆனி நீள்வதும் ஏன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் அறிவியல் பகுதியில் கோள்களின் இயக்கம் பற்றி வெளியான கட்டுரையைப் படித்தேன். சூரியனை நெருங்கும்போது கோள் விரைவதற்கு, அங்கே ஈர்ப்பு விசை அதிகம் என்பதே காரணம் என்று அதில் ஒரே வரியில் சொல்லி முடித்திருக்கிறார்கள். பள்ளியில் இயற்பியல் நடத்தியவன் என்ற முறையில், இந்த விளக்கம் மாணவர்களைத் தவறான முடிவுக்குக் கொண்டுசெல்லும் என்று கருதுவதால் இதை எழுதுகிறேன்.

பூமி சூரியனுக்கு மிக அருகில் வரும் அண்மைநிலையில் ஈர்ப்பு உச்சத்தில் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் புள்ளியைக் கடந்த உடனேயே பூமியின் வேகம் குறையத் தொடங்குகிறது. அப்போதும் ஈர்ப்பு ஏறத்தாழ அதே வலிமையோடுதான் இருக்கிறது. வலிமைதான் காரணம் என்றால் அங்கே வேகம் ஏன் குறைய வேண்டும்? அண்மைநிலையில் விசை, பூமி செல்லும் திசைக்குச் செங்குத்தாக இருப்பதால், அந்தக் கணத்தில் அது வேகத்தைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை. ஜூலையிலிருந்து ஜனவரி வரை பூமி சூரியனை நோக்கிச் சிறிது சிறிதாக நெருங்கிக்கொண்டே செல்வதால் விசையின் ஒரு பகுதி அதை முன்னோக்கி இழுக்கிறது. மற்ற ஆறு மாதங்களில் அதே விசையின் ஒரு பகுதி பின்னோக்கி இழுக்கிறது.

அண்மைநிலையில் தொலைவு சுமார் 14.71 கோடி கிலோமீட்டர். வேகம் நொடிக்கு 30.29 கிலோமீட்டர். ஜூலை முதல் வாரத்தில் வரும் சேய்மைநிலையில் தொலைவு 15.21 கோடி கிலோமீட்டர், வேகம் 29.29 கிலோமீட்டர். ஒவ்வொரு நிலையிலும் தொலைவையும் வேகத்தையும் பெருக்கிப் பாருங்கள்: தசமங்களைச் சுருக்கியதால் வரும் சிறு வேறுபாட்டைத் தவிர இரண்டும் ஒன்றே. இந்தப் பெருக்கலோடு பூமியின் நிறையையும் சேர்த்தால் கிடைப்பதுதான் கோண உந்தம். பெருக்கலில் பாதியை எடுத்தால், சூரியனையும் பூமியையும் இணைக்கும் கோடு ஒரு நொடியில் கடக்கும் பரப்பு கிடைக்கும். ஜனவரியிலும் ஜூலையிலும் அது சுமார் 223 கோடி சதுர கிலோமீட்டர். (வேலூர் வெயிலில் வாழும் நம்மில் பலர், பூமி சூரியனுக்கு அருகில் இருப்பது கத்திரி வெயில் காலத்தில் என்று நம்புகிறோம். உண்மையில் அக்னி நட்சத்திர நாட்களில் பூமி சேய்மைநிலையை நோக்கி விலகிச் சென்றுகொண்டிருக்கிறது. மார்கழிக் குளிரில்தான் அது மிக அருகில் இருக்கிறது. வெயிலுக்கும் குளிருக்கும் காரணம் பூமியின் அச்சுச் சாய்வு.)

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். தொலைவை முழு வேகத்தால் பெருக்கலாம் என்பது இந்த இரண்டு முனைகளில் மட்டுமே செல்லும். இடைப்பட்ட இடங்களில் இணைப்புக்கோட்டுக்குச் செங்குத்தான வேகப் பகுதியை மட்டும் எடுக்க வேண்டும். தேர்வுத் தாள்களில் நான் மிகுதியாகக் கண்ட தவறு இதுதான்.

சம காலத்தில் சம பரப்பு என்ற இந்த விதியின் தடயம் நம் வீட்டுப் பஞ்சாங்கத்திலேயே இருக்கிறது. தமிழ் மாதம் என்பது சூரியன் ஒரு ராசியை, அதாவது 30 பாகையை, கடக்க எடுக்கும் காலம். மரபுக் கணக்கின்படி ஆனி மாதத்தின் அளவு 31 நாள் 36 நாழிகைக்குச் சற்று மேல்; மார்கழி 29 நாள் 20 நாழிகைக்குச் சற்று மேல். சேய்மைநிலை ஆனியிலும் அண்மைநிலை மார்கழியிலும் விழுவதால், முன்னது மாதங்களிலேயே மிக நீண்டதாகவும் பின்னது மிகக் குறுகியதாகவும் அமைகின்றன. பூமியின் வேகமோ இரு நிலைகளுக்கிடையே 3.4 விழுக்காடுதான் மாறுகிறது. மாதத்தின் நீளம் மட்டும் ஏன் அதைப்போல் இரு மடங்கு மாறுகிறது? அருகில் இருக்கும்போது பூமி வேகமாகவும் செல்கிறது, ஒரே கோணத்தைக் கடக்க அது செல்ல வேண்டிய பாதையும் குறைவு. இரண்டும் சேர்வதால் கோண வேகம் தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. 1.034-இன் வர்க்கம் 1.069, அதாவது ஏறத்தாழ 7 விழுக்காடு. பஞ்சாங்க அளவுகள் காட்டும் வேறுபாடு 7.7 விழுக்காடு, பழைய சித்தாந்தக் கணக்கில் பாதையின் மையவிலகல் இன்றைய மதிப்பைவிடச் சற்றுக் கூடுதலாகக் கொள்ளப்பட்டதே இதற்குக் காரணம்.

கோண உந்தம் ஏன் மாறுவதில்லை என்பதுதான் கட்டுரையில் விடுபட்ட பகுதி. கெப்லர் 1609-இல் செவ்வாய்க் கோளின் அளவீடுகளிலிருந்து சமபரப்பு விதியை வெளியிட்டார். அதன் காரணத்தை 1687-இல் நியூட்டன் முக்கோணங்களைக் கொண்டு காட்டினார். பத்தாம் வகுப்பு வடிவியல் தெரிந்தவர்கள் தாளில் வரைந்து பார்க்கலாம். ஞ என்பது சூரியன். கோள் ஒரு சிறு கால அளவில் க-விலிருந்து ப-வுக்கு வருகிறது. எந்த விசையும் இல்லையென்றால், அடுத்த அதே கால அளவில் அது அதே நேர்கோட்டில் அதே தூரம் சென்று ம-வை அடையும். ஞகப, ஞபம ஆகிய இரு முக்கோணங்களுக்கும் அடிப்பக்கம் சமம், உச்சி ஒன்று. எனவே பரப்பும் சமம். இப்போது ப-வில் கோளைச் சூரியனை நோக்கி ஒருமுறை சுண்டி இழுப்பதாகக் கொள்வோம். கோள் ம-வுக்குப் பதிலாக த-வுக்கு வருகிறது. இழுப்பு ப-விலிருந்து ஞ-வை நோக்கியே இருந்ததால் மத என்ற கோடு பஞ-வுக்கு இணையாக இருக்கும். ஞபம, ஞபத ஆகிய முக்கோணங்கள் ஞப என்ற ஒரே அடிப்பக்கத்தின்மேல், ஒரே இணைகோடுகளுக்கிடையே நிற்கின்றன. ஆகவே அவற்றின் பரப்பும் சமம். கால அளவைச் சுருக்கிக்கொண்டே போனால் முறிந்த பாதை வளைகோடாகிவிடும்; பரப்பின் சமத்துவம் அப்படியே நிற்கும்.

இந்த நிறுவலில் இழுப்பின் வலிமை எங்கும் வரவில்லை. அது சூரியனை நோக்கி இருந்தது என்பது மட்டுமே பயன்பட்டது. விசை மையத்தை நோக்கியே இருக்கும்வரை அந்த மையத்தைப் பொறுத்துத் திருப்புவிசை சுழி; திருப்புவிசை இல்லாத இடத்தில் கோண உந்தம் மாறாது. சூரியனை ஒரு குவியத்தில் கொண்ட நீள்வட்டமாகப் பாதை அமைவதற்குத்தான் ஈர்ப்பின் எதிர்வர்க்க விதி தேவைப்படுகிறது.

கட்டுரையில் சொல்லப்பட்ட செய்முறையையும் திருத்த வேண்டும். நூலில் கட்டிய கல்லைச் சுழற்றி, நூலை விரலில் சுற்றவிட்டால் கல் விரைவாகச் சுற்றுவது உண்மை. ஆனால் அப்போது நூலின் இழுவிசை விரலின் மையத்தை நோக்கி இருப்பதில்லை. அது விரலின் விளிம்பைத் தொட்டுச் செல்கிறது. எனவே கோண உந்தம் குறைகிறது, கல்லின் வேகம் கூடுவதில்லை. வட்டம் சிறுத்ததால் மட்டுமே சுற்றுகள் விரைகின்றன. மாறாக, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவின் வெற்றுக் குழாயில் நூலை நுழைத்து, மேல்முனையில் ஒரு ரப்பரைக் கட்டித் தலைக்கு மேல் கிடையாகச் சுழற்றிக்கொண்டு, கீழ்முனையை மற்றொரு கையால் கீழே இழுக்கச் சொல்லுங்கள். ஆரம் பாதியானால் வேகம் இரு மடங்காகும், ஒரு நொடியில் சுற்றும் சுற்றுகள் நான்கு மடங்காகும். காற்றும் உராய்வும் சிறிது குறைத்தாலும், நூலில் ஏறும் இழுப்பைக் கை தெளிவாக உணரும்.

இவ்விதிக்கும் எல்லை உண்டு. நிலவு பூமியை ஆட்டிக்கொண்டிருப்பதால், சமபரப்பு விதிக்கு நெருக்கமாக நடப்பது பூமியும் நிலவும் சேர்ந்த நிறைமையமே. அண்மைநிலை நாள் ஆண்டுக்கு ஆண்டு ஓரிரு நாட்கள் முன்பின்னாக வருவதற்கு நிலவின் இந்த ஆட்டமே முக்கியக் காரணம். வியாழன் போன்ற கோள்களின் இழுப்பு சூரியனை நோக்கி இல்லாததால், பூமியின் கோண உந்தத்தில் மிகச் சிறிய மாற்றங்களும் நேர்கின்றன.

நியூட்டனின் முக்கோணப் படத்தையும் திருத்திய செய்முறையையும் அடுத்த இதழின் அறிவியல் பகுதியில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.