எந்த ஆண்டு, யார் கொடுத்தது, எதற்கு?
விளம்பர நிறுவனங்களில் வாசகம் எழுதுவோருக்கும் அதை ஒப்புதல் செய்வோருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நீங்கள் எழுதும் விளம்பரங்களை அச்சுக்குப் போகும் முன் கடைசியாகப் படிக்கிற ஆள் நான். ஒற்றுப்பிழையை நானே திருத்திவிடுவேன். 'விருது பெற்ற', 'சான்று பெற்ற' என்பவை சரிதானா என்று என் மேசையிலிருந்து சொல்ல முடியாது. அதற்கான தாள்கள் வாடிக்கையாளரிடம் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்கக்கூடியவர்கள் நீங்கள்தான்.

அண்மையில் ஒரு எண்ணெய் லேபிள் வந்தது. 'பல விருதுகள் வென்ற, ஐஎஸ்ஓ சான்றும் எஃப்எஸ்எஸ்ஏஐ அங்கீகாரமும் பெற்ற மரச்செக்கு நல்லெண்ணெய்' என்று இருந்தது. தாள்களை அனுப்பச் சொன்னேன். வந்தன.

முதலில் ஐஎஸ்ஓ. சுவிட்சர்லாந்தில் இருக்கும் அந்த அமைப்பு தரநிலைகளை எழுதுவதோடு சரி, யாருக்கும் சான்று தருவதில்லை. சான்று தருவது தனி நிறுவனங்கள். அதனால் வெறுமனே 'ஐஎஸ்ஓ சான்று' என்றால் பொருளே இல்லை. எந்தத் தரநிலை, எந்தப் பதிப்பு என்று வேண்டும். வந்த தாளில் ஐஎஸ்ஓ 9001:2015 என்று இருந்தது, நல்லது. 9001:2008 என்று இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்; அந்தப் பதிப்பின் சான்றுகள் 2018 செப்டம்பரோடு காலாவதியாகிவிட்டன. இன்னமும் அதை அச்சடிக்கிறவர்கள் உண்டு, பழைய லேபிளை அப்படியே நகலெடுப்பதால்.

ஆண்டு சரி என்றதும் பலர் தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். விஷயமே அதற்குக் கீழேதான், சான்றின் எல்லை என்ற வரியில். இந்தத் தாளில் 'சமையல் எண்ணெய் பொதித்தலும் விற்பனையும்' என்று மட்டும் இருந்தது. முகவரி, ஊருக்கு வெளியே இருக்கும் கிடங்கு. செக்கு ஆட்டுமிடம் அதில் இல்லவே இல்லை. அது இருந்திருந்தாலும், 9001 தர மேலாண்மை முறைக்கான சான்று. புட்டிக்குள் இருக்கும் எண்ணெய் எப்படிப்பட்டது என்று அது எதுவும் சொல்லாது. இதனால்தான் இந்தச் சான்றின் முத்திரையைப் பொருளின் உறையில் போடக் கூடாது என்று சான்று தரும் நிறுவனங்களுக்கான விதி சொல்கிறது. விளக்க வாக்கியமாகப் போடலாம்: யாருக்கு, எந்த முறைக்கு, எந்தத் தரநிலைப்படி, யார் கொடுத்தார் என்பது அதில் இருக்க வேண்டும்.

சான்று பொதுவாக மூன்று ஆண்டுக்கு; இடையில் ஆண்டுதோறும் கண்காணிப்புத் தணிக்கை உண்டு. தணிக்கை தவறினால் தாளில் தேதி மிச்சமிருக்கும்போதே சான்று நிறுத்திவைக்கப்படலாம். அதனால் தேதியை மட்டும் நம்பாமல் iafcertsearch.org தளத்தில் நிறுவனத்தின் பெயரைப் போட்டுப் பாருங்கள். அங்கே இல்லை என்பதற்காகவே போலி என்று முடிவு கட்ட வேண்டாம், எல்லாச் சான்றும் அங்கே ஏறுவதில்லை. சான்று கொடுத்த நிறுவனத்துக்கே சான்றின் எண்ணை அனுப்பிக் கேட்டுவிடலாம். அந்த நிறுவனத்துக்கு அங்கீகாரம் கொடுத்தது யார் என்றும் பாருங்கள். இந்தியாவில் அப்படி அங்கீகாரம் கொடுக்கும் அமைப்பு என்ஏபிசிபி. அங்கீகார முத்திரையே இல்லாத தாள் என்றால் நான் அதை வாசகத்தில் ஏற்ற மாட்டேன்.

எஃப்எஸ்எஸ்ஏஐ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பதினான்கு இலக்க எண் உணவுத் தொழில் நடத்த எல்லாரும் எடுத்தாக வேண்டிய உரிமம் அல்லது பதிவு. foscos.fssai.gov.in தளத்தில் எண்ணைச் சரிபார்த்து லேபிளில் போடுங்கள், போட்டே ஆக வேண்டும். அதை 'அங்கீகாரம் பெற்ற எண்ணெய்' என்று பெருமையாக்குவது, ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவரை 'அரசு பாராட்டிய ஓட்டுநர்' என்பது போலத்தான்.

அப்புறம் அந்த 'பல விருதுகள்'. ஒரே ஒரு கேடயத்தின் புகைப்படம் வந்தது. பெரிதாக்கிப் படித்தால், 2017இல் ஒரு வணிகக் கண்காட்சியில் 'சிறந்த அரங்கு அமைப்பு'க்கான பரிசு. எண்ணெயை யாரும் ருசித்துக்கூடப் பார்க்கவில்லை! ஒன்று எப்படிப் பலவானது என்று கேட்டேன், பதில் வரவில்லை.

விருதைக் குறிப்பிட்டால் கொடுத்தவர் பெயரையும் காலத்தையும் விளம்பரத்திலேயே சொல்ல வேண்டும் என்பது இந்திய விளம்பரத் தர மன்றத்தின் வழிகாட்டுதல். மன்றம் தானே முன்வந்து வைத்துக்கொண்ட ஒழுங்குதானே என்று அலட்சியம் வேண்டாம். தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை.

கடைசியில் லேபிளின் முன்பக்கத்தில் 'மரச்செக்கு நல்லெண்ணெய்' மட்டும் நின்றது. பின்பக்கத்தில் உரிம எண்; அதன் கீழே சிறிய எழுத்தில், அந்தக் கிடங்கின் பொதித்தல், விற்பனைப் பணிகளுக்கான தர மேலாண்மை முறை ஐஎஸ்ஓ 9001:2015 சான்று பெற்றது என்ற வரியும் சான்று கொடுத்த நிறுவனத்தின் பெயரும். விருதை எடுத்துவிட்டோம். வாடிக்கையாளருக்கு முதலில் வருத்தம்தான்.

நான் கேட்பது இதுதான். வாடிக்கையாளரிடம் விவரம் வாங்கும் படிவத்தில் ஒவ்வொரு விருதுக்கும் சான்றுக்கும் நேராக ஆண்டு, கொடுத்தவர், எதற்காக என்று மூன்று கட்டங்கள் சேருங்கள். 'எதற்காக' என்ற கட்டத்தில் தாளில் இருக்கும் வார்த்தையையே எழுதுங்கள், உங்கள் சொந்த வார்த்தை வேண்டாம். தாளின் நகலையும் இணைத்து அனுப்புங்கள். கட்டம் காலியாக வந்தால் அந்த அடைமொழியை நீக்கிவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புவேன்.

இப்படிக்கு,
உங்கள் மெய்ப்புத் திருத்துநர்