அந்த 'இ' பிழை இல்லை

ஐயா,

தருமபுரியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் பேத்தியின் ஆங்கில விடைத்தாளில், ஜட்ஜ்மென்ட் என்ற சொல்லுக்கு 'ஜி'யை அடுத்து 'இ' எழுதியதற்காக அரை மதிப்பெண் குறைத்திருக்கிறார்கள். இது சரியில்லை.

பிரிட்டனில் பொதுவான எழுத்தில் இந்தச் சொல்லை 'இ' சேர்த்தும் எழுதுகிறார்கள், விட்டும் எழுதுகிறார்கள். இரண்டும் அங்கே பிழையில்லை. அமெரிக்காவில்தான் 'இ' இல்லாத வடிவமே வழக்கம். அக்னாலெட்ஜ்மென்ட் என்ற சொல்லிலும் அப்படித்தான்: பிரிட்டிஷார் பெரும்பாலும் 'இ'யை வைத்துக்கொள்கிறார்கள், அமெரிக்கர்கள் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு விலக்கு உண்டு, அதுதான் முக்கியம். நீதிமன்றத் தீர்ப்பு என்ற பொருளில் வரும்போது பிரிட்டிஷ் வழக்கறிஞர்களும் 'இ'யை விட்டே எழுதுவார்கள். நம் அரசியலமைப்புச் சட்டத்திலும், 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலும் அந்த வடிவமே இருக்கிறது. ஆகவே சட்டம் படிக்கப் போகும் பிள்ளைக்கு அதைச் சொல்லிக்கொடுப்பது நல்லது. பேத்தி எழுதியதோ ஒருவரின் முடிவெடுக்கும் திறனைப் பற்றிய கட்டுரை.

இந்த மாறுபாடு 'டி', 'ஜி' இரண்டும் சேர்ந்து வரும் சொற்களுக்குத்தான். அங்கே 'டி'யே 'ஜ' ஒலியைக் காப்பாற்றிவிடுவதால் 'இ' இல்லாமலும் உச்சரிப்பு கெடாது. மேனேஜ்மென்ட், அரேஞ்ச்மென்ட் போன்றவற்றில் 'டி' இல்லை. அவற்றில் 'இ'யை விட்டால் இரு நாட்டிலும் பிழைதான். திருத்துகிறவர்கள் சிவப்பு மையை அங்கே செலவிடட்டும். இந்த அரை மதிப்பெண்ணைத் திருப்பித் தர வேண்டும்.

ஒரு வாசகர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்