நடுவுக்கு நடு கயிறு கட்டாதீர்கள்: காணி பிரிக்க வரும் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருகோணமலையில் முதுசக் காணி பிரிக்கும்போது நடுவில் நின்று கயிறு பிடிக்கும் மாமாமார், சித்தப்பாமார், அயலில் உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

உங்கள் நேர்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை, சந்தேகம் கயிற்றில்தான். வீதிப் பக்க வேலியின் நடுவில் ஒரு கட்டை, பின் வேலியின் நடுவில் ஒரு கட்டை, இரண்டுக்கும் இடையில் கயிறு, "சரி, ஆளுக்குப் பாதி" என்று முடித்துவிடுகிறீர்கள். முன் வேலியும் பின் வேலியும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருந்தால் மட்டுமே அது பாதி, ஆனால் நம் வளவுகளில் பின் வேலி பெரும்பாலும் சாய்ந்துதான் கிடக்கும்.

உப்புவெளிப் பக்கம் அண்ணன் தங்கை இருவருக்குப் பிரிக்க ஒரு வளவு இருக்கிறது என்று வையுங்கள். வீதிப் பக்கம் 80 அடி. வீதியில் நின்று உள்ளே பார்த்தால் இடது வேலி 120 அடி, வலது வேலி 60 அடி, இரண்டும் வீதிக்கு நேர்மூலை. சாய்ந்த பின் வேலி 100 அடி. இதை நம் ஆட்கள் எப்படிக் கணக்குப் பார்ப்பார்கள்? எதிர் எதிர்ப் பக்கங்களின் சராசரியை எடுத்துப் பெருக்கி, 90 தர 90, 8100 சதுர அடி என்பார்கள். இல்லாத நிலம் அதில் 900 சதுர அடி, அதாவது மூன்று பேர்ச்சுக்கு மேல்! செவ்வகம் இல்லாத எந்தக் காணிக்கும் இந்தக் கணக்குக் கூடத்தான் காட்டும், ஏனென்றால் நாலு பக்கமும் மாறாமல் இருக்கும்போதே காணியின் வடிவம் சரியலாம், பரப்பும் மாறலாம்.

ஆகவே மூலைக்கு மூலை குறுக்காகவும் ஒரு தடவை டேப் பிடியுங்கள். இங்கே வீதியின் இடது மூலையிலிருந்து பின் வலது மூலைக்கு 100 அடி வரும். இப்போது காணி இரண்டு முக்கோணம், ஒன்று 2400, மற்றது 4800, மொத்தம் 7200 சதுர அடி. ஒரு பேர்ச் 272¼ சதுர அடி, அப்படியானால் கிட்டத்தட்ட இருபத்தாறரை பேர்ச்.

நடுவுக்கு நடு கயிறு கட்டினால் இடது துண்டு 4200, வலது துண்டு 3000. அண்ணன் இடது பக்கம் என்றால் தங்கைக்குப் போக வேண்டிய 600 சதுர அடி அவரிடம் நின்றுவிடுகிறது. யாரும் களவெடுக்கவில்லை, ஆனால் தங்கைக்கு இரண்டு பேர்ச்சுக்கு மேல் குறைவு. (சீதனத்தில் ஏற்கெனவே கொடுத்தாயிற்று என்று யாராவது தொடங்கினால் அது வேறு கதை, அதைக் கயிற்றோடு சேர்க்காதீர்கள்.)

திருத்துவது சுலபம். வீதிக் கட்டையை அசைக்க வேண்டாம், இருவருக்கும் 40 அடி முகப்பு கிடைக்கட்டும். அந்தக் கட்டையிலிருந்து பின் வேலிக்குச் செங்குத்துத் தூரம் எவ்வளவு என்று பாருங்கள். இங்கே அது 72 அடி, ஆனால் செங்குத்து விழும் இடம் வலது மூலைக்கு 4 அடி அப்பால், பக்கத்துக் காணிக்குள். அதனால் பின் வேலியின் நேருக்குக் கயிற்றை நீட்டித்தான் அளக்க முடியும். பிறகு 600-ஐ இரண்டால் பெருக்கி 72-ஆல் வகுத்தால் 16 அடி 8 அங்குலம். பின் கட்டையை வேலி வழியே அண்ணன் பக்கம் அவ்வளவு நகர்த்துங்கள். இப்போது ஆளுக்கு 3600. நம்பாதவர் ஒவ்வொரு துண்டையும் குறுக்கே அளந்து முக்கோணமாகப் பிரித்துப் பார்க்கலாம், கூட்டுத்தொகை 7200 வரவில்லை என்றால் டேப் எங்கோ தொய்ந்திருக்கிறது. நைலோன் கயிற்றில் முடிச்சுப் போட்டு அளந்திருந்தால் இழுக்கும் ஆளைப் பொறுத்து நீளும், அதை எல்லை காட்ட மட்டும் வையுங்கள்.

ஒன்று, இப்படிப் பிரித்தால் எல்லை சரிவாகப் போகும். நேர் எல்லைதான் வேண்டும் என்று இருவரும் சொன்னால் பக்க வேலிகளுக்குச் சமாந்தரமாக இடது வேலியிலிருந்து 33½ அடியில் கோடு போடலாம். பரப்பு சமம்தான், ஆனால் அண்ணனுக்கு முகப்பு 33½, தங்கைக்கு 46½. எதை விடுவது என்று அவர்கள்தான் முடிவெடுக்க வேண்டும், நீங்கள் அல்ல. கிணறு யார் துண்டில் விழுந்தாலும் கிணற்றுப் பங்கையும் போய்வரும் பாதையையும் உறுதியில் எழுதச் சொல்லுங்கள்.

கட்டை அடித்தவுடன் வேலி போடச் சொல்லாதீர்கள். நம் கயிறு சம்மதத்துக்கு மட்டும்தான். உரிமம் பெற்ற நில அளவையாளர் பிளான் கீறி எல்லைக்கல் போட்டு, நொத்தாரிசு முன்னால் இரண்டு சாட்சிகளோடு பிரிவினை உறுதி முடித்து, அதைக் காணிப் பதிவகத்தில் பதிந்த பிறகு கதியால் நடட்டும். சம்மதம் வராவிட்டால் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின்படி வழக்குப் போடலாம், அதிலும் நீதிமன்றம் அனுப்பும் நில அளவையாளர்தான் வந்து அளப்பார்.