பிள்ளையள் ஏறப்போற ரெண்டு புது வானுக்கும் காப்புறுதி கேட்டு ஒரு திறந்த மடல்

எங்கட பாடசாலை வாகனத்துக்கு காப்புறுதி தாற கம்பனியின்ர யாழ்ப்பாணக் கிளை முகாமையாளருக்கு,

வணக்கம் ஐயா. இந்த மாசம் எங்கட பாடசாலை ரெண்டு ஹையேஸ் வான் வாங்கியிருக்கு. ஏற்கனவே உங்களிட்ட இருக்கிற பழைய வானின்ர பொலிசியோட இந்த ரெண்டையும் சேத்துத் தாங்கோ எண்டுதான் கேக்கிறம். போனில கேட்டதுக்கு "பசெஞ்சர் கவர் போட்டு விடுறம், பிரச்சினை இல்லை" எண்டு உங்கட ஆள் சொன்னவர். அந்த ஒரு சொல்லுக்குள்ள என்ன இருக்கு எண்டு பெற்றோரும் தெரிஞ்சிருக்கவேணும், அதாலதான் எல்லாரும் பாக்க எழுதுறம்.

போன வருசம் மானிப்பாய்ப் பக்கம் ஒரு ஒழுங்கையில நடந்ததை உங்கட கோப்பிலயும் பாக்கலாம். ரெண்டாம் வகுப்புப் பிள்ளை ஒண்டு பழைய வானால இறங்கினவ. இழுவைக் கதவு இடப்பக்கம், அவவின்ர வீடு வலப்பக்கம். புத்தகப்பையைத் தோளில மாட்டிக்கொண்டு வானுக்கு முன்னால சுத்திக் கடக்கேக்க, வானை ஓவர்ரேக் பண்ணின மோட்டச்சைக்கிள் அடிச்சு கை முறிஞ்சுது. கிளெயிம் போட்டம். பிள்ளை இறங்கீட்டா, அதால அவ பயணி இல்லை எண்டு பதில் வந்தது. மோட்டச்சைக்கிள்காரன்ர காப்புறுதியோ வான் நிண்ட இடம்தான் பிழை எண்டுது. ரெண்டுக்கும் நடுவில தகப்பன் மாசக்கணக்கா வேலையை விட்டிட்டு அலைஞ்சார்.

அதால முதல் கேள்வி இதுதான். பிள்ளை எப்ப பயணியாகிறா, எப்ப பயணி இல்லாமப் போறா? வான் வாசல் படியில கால் வைக்கிறதில இருந்து, இறங்கி எங்கட உதவியாளர் அக்கா கையில பிடிச்சு றோட்டைக் கடத்தி விடுறமட்டும் கவர் இருக்கோணும் எண்டு பொலிசியோட சேக்கிற புறக்குறிப்பில எழுதித் தாங்கோ. வாயால சொன்னா கிளெயிம் நேரம் அது நிக்காது ஐயா. அதுக்கு மேலதிகமா பிறீமியம் வந்தா எவ்வளவு எண்டு சொல்லுங்கோ, கட்டுறம்.

ரெண்டாவது, பயணி விபத்துக் காப்புறுதி வேற, பயணிக்கான சட்டப் பொறுப்புக் காப்புறுதி வேற. முதலாவது ஆரில பிழை எண்டு பாக்காமல் குறிச்ச தொகையைக் குடுக்கும், ஆனா தொகை சின்னன், சின்னப் பிள்ளையளுக்கு இன்னும் குறைச்சுப் போடுறதும் உண்டு. மற்றது எங்கட ரைவரில பிழை எண்டு வந்து, பாடசாலை நட்டஈடு குடுக்கவேண்டி வந்தா அதைத் தாங்கும். பிறேக் போட்டு ஒரு பிள்ளை முன் சீற்றில நெத்தி அடிபட்டா முதலாவது உடன ஆஸ்பத்திரிச் செலவுக்கு உதவும், பெரிய வழக்கு வந்தா மற்றதுதான் காப்பாத்தும். எங்களுக்கு ரெண்டும் வேணும், ரெண்டும் வேற வேற வரியில தொகையோட இருக்கோணும்.

தொகையைப் பற்றியும் ஒண்டு சொல்லோணும். பதிவுப் புத்தகத்தில 14 சீற். ரைவரையும் உதவியாளரையும் விட்டா 12 பிள்ளையள். உதாரணத்துக்கு ஒரு ஆளுக்கு 5 லட்சம், ஒரு விபத்துக்கு மொத்தம் 20 லட்சம் எண்டு போட்டா பாக்க நல்லாத்தான் இருக்கும். ஆனா ரயில் கடவையிலயோ மழைக்குள்ள வாய்க்காலிலயோ வான் போய் 12 பேருக்கும் காயம் எண்டா 60 லட்சம் தேவை, கையில இருக்கிறது 20. பங்கு போட்டா ஒரு பிள்ளைக்கு 1 லட்சத்து 66 ஆயிரம் சொச்சம்தான் வரும். ஒரு ஆளுக்குப் போடுற தொகையை 12 ஆல பெருக்கி மொத்த எல்லையாப் போடுங்கோ எண்டு கேக்கிறது இதுக்காகத்தான்.

எங்கட பக்கத்தால ஒரு சீற்றுக்கு ஒரு பிள்ளைதான் ஏத்துவம். முன்பள்ளிப் பிள்ளையளை ரெண்டு சீற்றில மூண்டு பேரா நெருக்கி வைக்கிற பழக்கம் ஊரெல்லாம் இருக்கு, அப்பிடி ஏத்தினா நீங்கள் கிளெயிமைக் குறைக்கவோ மறுக்கவோ இடம் வரும் எண்டு எங்களுக்குத் தெரியும். பாவனை எண்ட இடத்தில "தனிப்பட்ட பாவனை" எண்டு போடவேண்டாம், நாங்கள் மாசக்காசு வாங்கி பிள்ளையளை ஏத்துறம், அதை உள்ளபடியே "பாடசாலைப் பிள்ளையள் போக்குவரத்து" எண்டு எழுதுங்கோ. உதவியாளர் எங்கட சம்பளத்தில இருக்கிறவ எண்டபடியால் அவவைப் பயணியாக் கணக்கெடுக்காமல் ஊழியருக்கான கவரைத் தனியாச் சொல்லுங்கோ.

பழைய பொலிசி மார்ச் 31 முடியுது. ஒக்ரோபர் 1 இல இருந்து சேத்தா ஆறு மாசம், அதால வருசப் பிறீமியத்தின்ர அரைவாசியைப் போடுங்கோ, குறுகிய கால வீதத்தில கூட்டிப் போடவேண்டாம். மூண்டும் ஒரே நாளில புதுப்பிக்கலாம்.

பதிவுப் புத்தகப் பிரதி, ரைவர்மாரின்ர லைசென்ஸ், ஓடுற பாதை விவரம் எல்லாம் இதோட இணைச்சிருக்கு. ரெண்டு வானும் இப்ப பாடசாலை வளவுக்க வேப்பமரத்தடியில நிக்குது. கவர் நோட்டோட இந்தப் புறக்குறிப்பும் எழுத்தில வந்தாப் பிறகுதான் முதல் பிள்ளையை ஏத்துவம்.

இப்படிக்கு,
பாடசாலைப் போக்குவரத்துப் பொறுப்பாளர், யாழ்ப்பாணம்