கூண்டை ஆற விடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன மாசியில் எங்கள் வீட்டு 23 நாட்டுக்கோழிகளில் 17 வெள்ளைக்கழிச்சலில் செத்தன. சந்தையில் வாங்கிய இரண்டு சேவல்களை அன்றே கூண்டில் சேர்த்தது என் தப்பு. நான்காம் நாள் பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், அப்புறம் கழுத்துத் திருகல். மருந்தில்லை என்றார் கால்நடை மருத்துவர். பிழைத்த ஆறும் சில வாரம் எச்சத்தில் கிருமியைக் கழிக்கலாம் என்பதால் அவற்றையும் கொன்று புதைத்தோம். 'அறுத்துச் சாப்பிடலாமே' என்றார்கள். அறுத்த இடத்துக் குடலும் இறகும் ஊர் முழுக்க நோயைக் கொண்டுபோகும் என்று யோசிப்பதில்லை.

கிணற்றுக்குத் தள்ளி ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவி, மேலே மூன்றடி மண் போட்டோம். எச்சம் ஒட்டியிருந்தால் பிளீச்சிங் பவுடர் வேலை செய்யாது. முதலில் சுரண்டி, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, காய்ந்த பிறகே தெளித்தோம். பழைய கூளத்தைக் கொளுத்தினோம். மூங்கில் கூடைகளைக் கழுவிப் பயனில்லை, அவையும் நெருப்பில் போயின.

பிறகு ஒரு மாதம் கூண்டு காலி. அது பலருக்குப் பொறுக்காது. அடுத்த வாரமே குஞ்சு வாங்கி மறுபடி இழக்கிறார்கள். நாங்கள் முதலில் ஐந்தே குஞ்சுகளை விட்டுப் பார்த்தோம். பொரித்த ஏழாம் நாள் கண்ணில் லசோட்டா தடுப்பு மருந்துச் சொட்டு, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. பிப்ரவரியில் நடக்கும் இலவசத் தடுப்பூசி முகாம், மற்ற மாதங்களில் பொரிக்கும் குஞ்சுகளுக்கு எட்டுவதில்லை. மாதம் ஒருநாள் ஊருக்கு வந்தால் நல்லது.

ஒரு வாசகர், ஒட்டன்சத்திரம் வட்டம்