பெயர்ப் பட்டியலுக்கு முன் ஒரு பை
பார்சல் பிரிப்பு மைய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். பார்சலைத் தவறான பையில் போட்டவரின் பெயர் இனி நோட்டீஸ் போர்டில் ஒட்டப்படும் என்ற அறிவிப்பைப் படித்தோம். ஒட்டுங்கள். அதற்கு முன் அந்தப் பார்சல் ஏன் அங்கே போனது என்றும் பார்த்துவிடுங்கள்.

சரக்கு குவியும் இரவில் எல்லா ஊர்ப் பைகளும் ஒரே வேகத்தில் நிறைவதில்லை. ஒரு கணக்குக்கு, ஆறு பேர் ஆளுக்கு மணிக்கு 200 பார்சல் பிரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 1,200. அதில் 40 சதவீதம் ஒரே பெருநகருக்கு என்றால் 480. பைக்கு 40 பார்சல் பிடித்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு பை நிறையும். அதைக் கட்டி, கணினியில் மூடி, லேபிள் ஒட்டி, புதுப் பையை மாட்டி, அதன் எண்ணை அந்த ஊருக்கு ஸ்கேன் செய்ய இரண்டு நிமிடமாவது வேண்டும். பெல்ட் நிற்காது. அந்த இரண்டு நிமிடத்தில் வரும் 16 பார்சல்கள் தரைக்குப் போகும், அல்லது "அப்புறம் எடுத்துக்கலாம்" என்று பக்கத்துப் பையின் மேல் வைக்கப்படும். அந்த அப்புறம் வருவதே இல்லை. அடுத்த ஆள் அதன் மேலேயே போட்டுக் கட்டிவிடுவார்.

அவசரத்தில் கடைசி ஸ்கேன் விடுபட்டால் இன்னும் மோசம். பார்சல் புதுப் பையில் இருக்கும், கணினியில் பழைய பையில் இருக்கும். போய்ச் சேரும் இடத்தில் ஒரு பையில் குறைவு, இன்னொன்றில் மிகுதி. அதுவும் எங்கள் கணக்கில்தான் ஏறும்.

கவனக்குறைவுதான் காரணம் என்றால் தவறுகள் எல்லாப் பைகளிலும் சிதறிக் கிடக்க வேண்டும். பை மூடிய நேரத்தையும் தவறிய பார்சலின் ஸ்கேன் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரிய ஊர்ப் பைக்கு இடமும் வலமும் உள்ள பைகளில், பை மாற்றும் நேரத்தை ஒட்டியே தவறுகள் குவிந்திருந்தால், குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

ஆகவே கேட்பது இரண்டே. அதிகம் வரும் ஊர்களுக்கு இரண்டு பைகள் மாட்டுங்கள். ஒன்றை மூடும்போது மற்றது வாங்கிக்கொள்ளும். பை மாற்ற மட்டும் ஓர் ஆளை நிறுத்துங்கள். மேலே சொன்ன கணக்கில் அந்த ஒரு ஊருக்கே மணிக்கு 24 நிமிடம் பை மாற்றத்தில் போகிறது. பிரிக்கிறவரே மாற்றினால் அந்த நேரத்தில் 80 பார்சல் பிரிபடாமல் நிற்கும்.

லாரி எத்தனை நிமிடத்தில் காலியானது என்று காட்ட மட்டும் பெரிய திரை வைத்திருக்கிறீர்கள். அழகாக இருக்கிறது. லாரி காலியாகிறது, தரை நிறைகிறது. சீக்கிரம் கிளம்ப வேண்டிய வண்டியின் சரக்கு குவியலின் அடியில் கிடக்கிறது. தரை எவ்வளவு நிறைந்தது என்று காட்ட ஒரு திரை எப்போது வரும் என்று தெரியவில்லை.

கோபத்தில் எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். அடுத்த பெரிய விற்பனை நாளுக்கு முன் இரண்டாவது பையும் பை மாற்ற ஓர் ஆளும் தந்துவிடும்படி பணிவுடன் கேட்கிறோம். பெயர்ப் பட்டியலை அதற்குப் பிறகு தொடங்கலாம்.

இப்படிக்கு,
இரவு ஷிஃப்ட் பிரிப்புப் பணியாளர்கள்